போக்கிமான் கோ: பொம்மை சாலையைத் தாண்டினால் நீங்களும் தாண்ட வேண்டாம்

போனைக் கையில் ஏந்தியபடி ஒருவர் சாலையோரம் நிற்கிறார். திரையிலுள்ள வரைபடத்தில் அவரைக் குறிக்கும் பொம்மை எதிர்ச்சாரிக்குப் போய்விட்டது. சரி, நாமும் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று வண்டிகளுக்கு நடுவே புகுந்து போகிறார். அங்கே போய் நின்றதும் பொம்மை மறுபடி பழைய பக்கத்துக்கே வந்துவிடுகிறது. போனோடு ஊரில் நடந்து போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் போக்கிமான் கோ விளையாட்டை ஆடத் தொடங்கிய புதிதில் நானும் இப்படி இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறேன். இந்த விளையாட்டில் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்.

பொம்மை ஏன் அலைகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதன் சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களாவது கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். திறந்த மைதானத்தில் நின்றால் பிழை பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குள் அடங்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே நிற்கும்போது சில சிக்னல்கள் நேராக வராமல், எதிரேயுள்ள சுவரிலோ கண்ணாடி முகப்பிலோ பட்டுத் திரும்பி வருகின்றன. அப்படிச் சுற்றி வந்த வழி 30 மீட்டர் கூடுதல் என்றால் சிக்னல் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குதான் தாமதிக்கும். அந்தச் சிறு தாமதமே அந்தச் செயற்கைக்கோள் 30 மீட்டர் தள்ளி இருப்பதாகப் போனை நினைக்கவைத்துவிடும். சென்னை சௌகார்பேட்டை போன்ற இடத்தின் குறுகிய தெருவில் பொம்மை சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது இதனால்தான். போனில் எந்தக் கோளாறும் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிலை போன்ற நிஜ இடங்களை விளையாட்டு வரைபடத்தில் போக்கிஸ்டாப் என்று குறித்திருப்பார்கள், அதைத் திரையில் சுழற்றினால் ஆட்டத்துக்கான பொருள்கள் கிடைக்கும். போக்கிஸ்டாப்பைச் சுழற்ற அதன் மேலேயே போய் நிற்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் 40 மீட்டர் தூரத்துக்குள் வந்தால் போதும் என்றிருந்தது. 2020இல் கொரோனா காலத்தில் அதை 80 மீட்டராக்கினார்கள். மறு ஆண்டு சில நாடுகளில் பழையபடி குறைத்தபோது ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன்பின் 80 மீட்டரே நிலைத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்ச்சாரியில் ஒரு சிலை இருக்கிறது, நடுவில் 30 மீட்டர் அகலச் சாலை. உங்கள் ஜிபிஎஸ் 20 மீட்டர் தப்பாகவே காட்டினாலும், நீங்கள் இருக்கும் தூரம் 50 மீட்டருக்கு மேல் தெரியாது. இந்தப் பக்க நடைபாதையில் நின்றே சுழற்றலாம். எட்டவில்லை என்றால் அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள், பொம்மை தானாகவே திரும்பி வரும்.

பொம்மை தொடர்ந்து தள்ளாடினால் கூகுள் மேப்ஸைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக விரிந்திருந்தால், போனுக்கே தன் இடம் நிச்சயமில்லை என்று பொருள். வானம் தெரியும் இடத்துக்குச் சில அடி நகர்ந்தால் வட்டம் சுருங்கும். ஐபோனில் `Precise Location` அணைந்திருந்தால், எத்தனை அடி நகர்ந்தாலும் பயன் இல்லை. திரையில் வரும் செய்தியையும் படியுங்கள். `GPS signal not found (11)` என்றால் சிக்னல் கிடைக்கவில்லை, வெளியே வாருங்கள். `Failed to detect location (12)` வந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. ஆண்ட்ராய்டில் பொய் இடத்தைக் காட்டும் அமைப்பு எப்போதோ இயக்கப்பட்டு அப்படியே கிடக்கலாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் போய் அதை நீக்க வேண்டும்.

அப்புறம் பேட்டரி. பழி முழுக்க ஜிபிஎஸ் மேல்தான் விழுகிறது. உண்மையில் ஜிபிஎஸ் சிப் தின்பது சில பத்து மில்லிவாட் அளவுதான். வெயிலில் முழு வெளிச்சத்தில் எரியும் திரை தனியாகவே ஒரு வாட்டைத் தாண்டும். அதன்மேல் படம் வரையும் வேலையும் மொபைல் டேட்டாவும் சேர்கின்றன. கேமராக் காட்சியின் மேல் போக்கிமானைக் காட்டும் ஏஆரைப் போட்டால் கேமராவும் சேர்ந்துகொள்ளும். 5000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி இருக்கிறது. எல்லாம் சேர்த்து 4 வாட் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. ஏஆரை அணைப்பதும் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும்தான் பலன் தரும். ஜிபிஎஸ்ஸில் கைவைத்தால் விளையாட்டே நின்றுவிடும்.

இங்கே இரண்டு பேட்டரி சேவர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். போனின் பேட்டரி சேவரை இயக்கினால், சில போன்களில் திரை அணைந்ததும் இடம் கண்டறிவது நின்றுவிடும், பின்னணியில் இயங்கும் ஆப்களும் அடங்கிவிடும். விளையாட்டுக்குள் இருக்கும் பேட்டரி சேவர் வேறு. போனைத் தலைகீழாகத் திருப்பினால் திரை இருண்டுவிடும், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்.

விளையாட்டில் கிடைக்கும் முட்டைகள் குறிப்பிட்ட தூரம் நடந்தால்தான் பொரியும். அதற்காக நடப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி விளையாட்டிலேயே இருக்கும் `Adventure Sync`. இது 2018இல் வந்தது. போன் எண்ணும் நடையை ஆப்பிள் ஹெல்த் போன்ற ஆப்களிலிருந்து வாங்கித் தூரத்தைச் சேர்த்துக்கொள்ளும். திரையை அணைத்துப் போனைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம். பேட்டரி மிச்சம், கண்ணும் சாலையில் இருக்கும். ஒரே ஒரு சங்கடம், தூரம் உடனுக்குடன் ஏறாது, கொஞ்ச நேரம் கழித்து மொத்தமாக ஏறும். இது தெரியாமல் பலர் ஆப்பை அடிக்கடி மூடித் திறக்கிறார்கள். ஆட்டோவில் உட்கார்ந்து முட்டை பொரிக்கப் பார்ப்பதும் வீண்தான், மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தூரம் கணக்கில் சேராது.

சென்னை மே மாத மதியத்தில் பவர் பேங்கைச் செருகிக்கொண்டே ஆடுவது பேட்டரிக்கு நேரடிக் கேடு. ஐபோன்களுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பே 35 டிகிரி. சூடு ஏறியதும் போன் தானே திரையை மங்கச் செய்யும், சார்ஜையும் நிறுத்தும். மங்கிய திரையை வெயிலில் பார்க்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைப் போனுக்குள் புதைத்தபடி நடப்பார்கள். அந்த நேரத்தில் எதிரே திறந்த சாக்கடை இருந்தால் அவ்வளவுதான்.

அபாயம் வெறும் கற்பனை இல்லை. விளையாட்டு வெளியான 2016 ஜூலையிலேயே, கலிஃபோர்னியாவின் என்சினிடாஸில் இரண்டு பேர் வேலியைத் தாண்டிப் போய்க் கடலோரச் செங்குத்துச் சரிவிலிருந்து விழுந்தார்கள். நல்லவேளையாக உயிர் பிழைத்தார்கள். அதே மாதம் மிசூரி மாநிலத்தின் ஓஃபாலனில் கொள்ளைக்காரர்கள் போக்கிஸ்டாப்பையே தூண்டிலாக்கினார்கள். போக்கிமான்களை இழுக்க லூர் என்ற ஒன்றைப் போக்கிஸ்டாப்பில் போடலாம், அது எரிவது சுற்றியுள்ள எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வரைபடத்தில் தெரியும். அதைப் பார்த்து ஆள் வருவார்கள் என்று காத்திருந்து துப்பாக்கியைக் காட்டிப் பறித்தார்கள் என்று அந்த ஊர்க் காவல்துறையே அறிவித்தது.

லூர் போட்டவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வரப்போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். இருட்டிய பின் ஆளில்லாத பூங்காவுக்குள்ளே ஒரு லூர் எரிந்தால், நான் வாசலோடு நின்றுவிடுவேன். 80 மீட்டர் இருக்கிறதே, சில பூங்காக்களில் தெருவிளக்கின் கீழ் நின்றே எட்டிவிடும்.