எரிச்சல் மூன்று மணிக்கே தொடங்கினால்

கிளிநொச்சியில் கணினியில் தரவு பதியும் ஒரு தங்கச்சி போன மாதம் வந்தா. "பின்னேரம் மூன்று மணியானா கண் எரியுது, எழுத்து மங்குது. கண்ணாடி மாத்தவேணுமோ?" பரிசோதித்துப் பார்த்தேன். பார்வை 6/6, கண்ணாடியே தேவையில்லை.

"மங்கும்போது நல்லா இமைச்சுப் பாருங்கோ, தெளியுதோ?" என்றேன். உடனே தெளியுதாம். அப்படித் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணீர்ப் படலம் காய்வதுதான் காரணம். திரையைப் பார்க்கும்போது நாங்கள் இமைப்பது பாதிக்கு மேல் குறையும். இமைத்தாலும் பலதரம் அரைவாசிதான் மூடுவோம். அவவின் மேசை விசிறி வேறு நேரே முகத்துக்கு! எங்கட வன்னிக் கோடைக்கு விசிறியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலடிக்குத் திருப்பச் சொன்னேன். திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கினோம். இமை தாழ்ந்தால் காயும் பரப்பும் குறையும்.

பிறகு இடைவேளை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கவேணும். அவவுக்கு யன்னலுக்கு வெளியே ஒரு பனை இருந்தது, அதுவே போதும். அந்த 20 விநாடிக்குள் ஐந்து தரம் மெதுவாக, இமை இரண்டும் முட்டும்வரை மூடித் திறக்கவேணும். போனைப் பார்ப்பது இடைவேளை ஆகாது, அது இன்னும் கிட்டத்துப் பார்வை.

இரண்டு கிழமையில் எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. இமைத்தும் தெளியாத மங்கல், ஒரு கண்ணில் மட்டும் மங்கல், சிவப்போடு நோவு என்றால் இடைவேளையை நம்பியிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.