நெட் அறுந்து அறுந்து வருகிறதா? இரண்டு பிங் போதும்

நெட் மெதுவாக ஓடுவது வேறு, சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து திரும்புவது வேறு. அறுந்து வந்தால் வேகச் சோதனையில் ஒன்றும் தெரியாது. விண்டோஸில் இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரி தட்டி ஓட விடுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

இரண்டாவது முகவரி வெளியே இருக்கும் கூகுள் சர்வருடையது, முதலாவது ரௌட்டருடையது. உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் `ipconfig` தட்டி, Default Gateway என்ற இடத்தில் பாருங்கள்.

நெட் போகும்போது இரண்டாவதில் மட்டும் பதில் வருவது நின்றால், பெரும்பாலும் லைன் கோளாறு. ஃபைபர் பெட்டியில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம், புகார் கொடுத்துவிடலாம். இரண்டிலும் சேர்ந்து நின்றால் கோளாறு வீட்டுக்குள். உடனே போனில் வைஃபை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லேப்டாப்பின் வைஃபை அடாப்டர்தான். டிவைஸ் மேனேஜரில் அதன் Power Management பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கும் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் அத்தை வீட்டில் போனிலும் வைஃபை போனது. ரௌட்டரின் எல்லா விளக்கும் ஒரு நொடி அணைந்து எரிந்தன. அதாவது ரௌட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. ரௌட்டரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். நான் 12 வோல்ட் பவர் அடாப்டரை மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது. புதியதில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் பழையதற்குக் குறையக்கூடாது.