புட்டு மாவுல ஈரம் பாக்குறது எப்போ? எல்லாரும் தப்பு பண்ற இடம்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி யீஷூன்ல எங்க அக்கா மக வீட்டுக்குப் போயிருந்தேன், அவளும் அவகூட வேலை பாக்குற ரெண்டு பொண்ணுங்களும் ஞாயித்துக்கிழமை காலைல புட்டு பண்ணலாம்னு மாவு பிசிறிக்கிட்டு இருந்தாங்க. மூணு பேர், மூணு பாத்திரம், மூணுலயும் ஒரே தப்பு. நான் சிங்கப்பூர் வந்த புதுசுல பண்ணுன அதே தப்பு. பாத்ததும் எனக்கு அப்படியே வயிறு எரிஞ்சுது, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். குடத்துல தண்ணி ஊத்த மறக்குறது, சில்லு போடாம மாவைக் கொட்டுறது இதெல்லாம் ஒரு தடவை பண்ணா தானா திருந்திடுவீங்க, அதை விட்டுடுறேன்.

எந்த மாவு

சூப்பர்மார்க்கெட்ல குவே செய்யறதுக்குன்னு விக்கிற நைஸ் பச்சரிசி மாவு புட்டுக்கு ஆகாது. அது வறுக்காத மாவு, பவுடர் மாதிரி இருக்கும், தண்ணி பட்டா பசை. தேக்கா பக்கம் மளிகைக் கடைல வறுத்த புட்டு மாவுன்னே கேட்டு வாங்குங்க, விரல்ல தேச்சா நெறுநெறுன்னு இருக்கணும். இடியாப்ப மாவு வேற.

தெளிச்ச கையோட ஈரம் பாக்குறது

இதுதான் நான் சொல்ல வந்ததே.

பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு கை மாவை எடுத்து இறுக்கிப் பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விரலால லேசா அமுக்குனா பொலபொலன்னு உதிரணும். இந்த சோதனை சரிதான். ஆனா அதை எப்போ பண்றதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. தண்ணி தெளிச்சு பிசிறுன உடனே பிடிச்சுப் பாத்தா எந்த மாவும் பிடிபடும், ஏன்னா தண்ணி அப்போ மாவோட மேலதான் இருக்கு, உள்ள போகல. வறுத்த மாவு சொரசொரப்பா இருக்கும், ஒவ்வொரு மணியும் மெதுவாத்தான் தண்ணியக் குடிக்கும். கால் மணி நேரம் கழிச்சு அதே மாவைப் பிடிச்சுப் பாருங்க, கைக்குள்ளயே உடைஞ்சு போகும்.

2006ல எங்க வீட்டுக்கு சொந்தக்காரங்க பன்னெண்டு பேர் வந்தாங்க. ஒரு கிலோ பாக்கெட் மொத்தத்தையும் பிசிறுனேன், பிடிச்சுப் பாத்தேன், நல்லா நின்னுச்சு, சரின்னு ஓரமா வெச்சுட்டு கடலைக்கறி தாளிக்கப் போயிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு வந்து திரும்பப் பாக்காம அப்படியே குழல்ல போட்டேன். வெளிய வந்த புட்டு பாக்க வெள்ளை வெளேர்னு சாக்பீஸ் மாதிரி, வாயில போட்டா தொண்டைல அடைக்குது. இன்னும் வேகலன்னு நெனச்சு பத்து நிமிஷம் கூட வெச்சேன், கொஞ்சமும் மாறல. ஒரு கிலோ மாவு, ரெண்டு தேங்காய், கடைசில கீழ காப்பிக் கடைல போயி எல்லாருக்கும் பரோட்டா வாங்கிட்டு வந்தோம். இப்பவும் நெனச்சா எரிச்சலா வருது.

ஏன் மாறலன்னா, அரிசி மாவு வேகறதுக்கு சூடு மட்டும் போதாது, உள்ள தண்ணியும் வேணும். ஆவி குடுக்குற ஈரம் ரொம்பக் கொஞ்சம்தான். குழலுக்குள்ள போறதுக்கு முன்னாடி மாவு குடிக்காத தண்ணிய, அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் ஆவில வெச்சாலும் குடிக்கப் போறதில்ல.

அக்கா மக பாத்திரத்துல ரெண்டு கப் மாவு இருந்துச்சு. முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பைக் கரைச்சு, அதைத் தெளிச்சு பிசிறி முடிச்சிருந்தா. "சித்தி, பிடிபடுது பாருங்க, போட்டுடலாமா"ன்னா. இருடி, ஈரத்துணி போட்டு மூடி வெச்சுட்டு காப்பி போடுன்னேன். மூடாம வைக்கக் கூடாது, நம்ம வீடுங்கள்ல தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும், மேல் மாவு காஞ்சுடும். கால் மணி நேரம் கழிச்சு துணியை எடுத்து பிடிச்சுப் பாத்தா, கையைத் திறந்ததும் மண்ணு மாதிரி சரிஞ்சுது. அவ மூஞ்சியப் பாக்கணுமே. அப்புறம் இன்னொரு கால் கப் தண்ணிய எடுத்து, ஒரேயடியா ஊத்தாம மூணு தடவையா, விரலை நனைச்சு நனைச்சு உதறித் தெளிச்சோம். உள்ளங்கைய வெச்சு அழுத்தாம விரல் நுனியாலதான் பிசிறணும். திரும்ப மூடி பத்து நிமிஷம். இந்த தடவை பிடிச்சது நின்னுச்சு, அமுக்குனா உதிர்ந்துச்சு, ஒரு சிட்டிகைய விரல்ல தேச்சா நெறுநெறுப்பு போயி மெத்துன்னு இருந்துச்சு. இந்த மெத்துதான் நிஜமான அடையாளம், நான் இப்பல்லாம் பிடியைவிட இதைத்தான் நம்புறேன்.

ஆக ரெண்டு கப்புக்கு மொத்தம் ஒரு கப் தண்ணி ஆச்சு. உங்க மாவுக்கு இதுவே வரும்னு நெனச்சு அளந்து ஊத்திடாதீங்க, மாவு எவ்வளவு பெரிசா அரைச்சிருக்கு, எவ்வளவு வறுத்திருக்குன்னு பொறுத்து கூடும் குறையும். சிவப்பரிசி மாவு இன்னும் கொஞ்சம் கேக்கும்.

கட்டி இருந்தா கையால நசுக்கிக்கிட்டு உக்காராதீங்க. ஈரமில்லாத மிக்ஸி ஜார்ல பாதி அளவுக்குப் போட்டு ஒரே ஒரு சுத்து விட்டு நிறுத்தி, இன்னொரு சுத்து, அவ்வளவுதான். ரவை மாதிரி உதிரியா வந்துடும். மூணாவது சுத்து விட்டா மாவாயிடும், வேண்டாம்.

ஈரம் கூடிப்போச்சுன்னு காஞ்ச மாவைக் கொட்டுறது

கொட்டலாம், ஆனா உடனே ஆவில ஏத்தக் கூடாது. புது மாவுக்கும் அந்தக் கால் மணி நேரம் வேணும், இல்லன்னா ஒரே குழல்ல பாதி களி பாதி பொடி. ரொம்பவே குழைஞ்சிருந்தா புட்டை மறந்துட்டு வெல்லமும் தேங்காயும் போட்டு கொழுக்கட்டை பிடிச்சுடுங்க.

காய்ஞ்ச புட்டைக் காப்பாத்த வழி இருக்கு, 2006ல எனக்குத் தெரியாமப் போச்சு. வெந்ததைத் தட்டுல கொட்டி உதிர்த்து, சூடு தண்ணியோ தண்ணியான தேங்காய்ப்பாலோ தெளிச்சு, அஞ்சு நிமிஷம் மூடி வெச்சு, திரும்ப ஆவில ஏத்துங்க. முதல் தரமா வராது, ஆனா சாப்பிடலாம்.

கொதிக்கிற தண்ணி

வேண்டாம். அது இடியாப்பத்துக்கு.

குழல்ல அமுக்குறது

முதல்ல தேங்காய், அப்புறம் மாவு, திரும்ப தேங்காய்னு மேலருந்து கையால சும்மா விட்டுக்கிட்டே வாங்க. குழலைத் தட்டாதீங்க, கரண்டிக் காம்பை வெச்சு குத்தாதீங்க. மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கிற சந்து வழியாத்தான் ஆவி மேல ஏறணும், அமுக்குனா அந்தச் சந்து அடைபட்டு ஆவி குடத்துக்கும் குழலுக்கும் நடுவுல புஸ்ஸுன்னு பக்கவாட்டுல போகும். அந்தச் சத்தம் கேட்டா அடுப்பை அணைச்சுட்டு, சூடு ஆறுனதும் குழலைக் கழட்டி மாவைக் கொட்டி திரும்ப லூசா போடுங்க.

நேரம் எண்றது

மூடி ஓட்டைல ஆவி நேரா, விடாம வர ஆரம்பிச்சதுல இருந்து அஞ்சு நிமிஷம். அடுப்புல வெச்சதுல இருந்து இல்ல.

ஃப்ரீசர் தேங்காய்

மார்க்கெட்ல அப்பப்ப திருவித் தர்ற தேங்காய்னா பிரச்சினை இல்ல. ஃப்ரீசர் பாக்கெட்னா அப்படியே போட்டுடாதீங்க, உருகுற தண்ணி பக்கத்துல இருக்கிற மாவைக் களியாக்கிடும், கஷ்டப்பட்டு பாத்த ஈரமெல்லாம் வீணாயிடும். முழுசா உருக விட்டு, கையால லேசா பிழிஞ்சுட்டு போடுங்க.