படிக்கும்போது கேட்க எந்த இசை?

படிக்கும்போது வரிகள் இல்லாத இசைதான் நல்லது. ஆனால் அப்படிச் சொன்னதும் பலரும் தெரிந்த சினிமாப் பாட்டின் வீணை, புல்லாங்குழல் வடிவத்தைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அங்கேதான் சிக்கல். குரல் இல்லாவிட்டாலும் மெட்டு தெரிந்ததாயிற்றே, மனசு தானாகவே வரிகளைப் பாட ஆரம்பித்துவிடும். படிப்பதற்கும் சொற்கள் வேண்டும், அந்தப் பாட்டுக்கும் சொற்கள் வேண்டும், இரண்டும் மோதிக்கொள்ளும். கீர்த்தனைகளை நன்றாக அறிந்தவர்களுக்கு வயலினில் கீர்த்தனை கேட்டாலும் இதே கதைதான். அவர்களுக்கு ராக ஆலாபனை மட்டும் உள்ள பதிவு நல்லது: சாகித்யம் என்கிற பாடல் வரிகளும் இல்லை, தாளமும் இல்லை.

என் முதல் சிபாரிசு, ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1978இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்ற ஆல்பம். அதன் முதல் பகுதி சுமார் 17 நிமிடம். மெதுவான பியானோ, திடீர்த் திருப்பமே கிடையாது. இரண்டாம் பகுதியில் சொற்களற்ற மனிதக் குரல்கள் வரும். அது உறுத்தினால் முதல் பகுதியையே திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். ஆட்டோபிளேயை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து யாராவது பாட வந்துவிடுவார்கள்.

ஒலி அளவு, புத்தகத்தின் பக்கம் புரட்டும் சத்தம் காதில் விழும் அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். ஒரே வரியை இரண்டாம் முறை படிக்கிறீர்கள், அல்லது வாய் முணுமுணுக்கிறது என்றால் அந்த இசை உங்களுக்கு ஒத்துவரவில்லை. மனப்பாடம் செய்யும் நேரத்தில் மட்டும் எந்த இசையும் வேண்டாம்.