குடோனை விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுத்தால் கணக்கு எழுதுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மூட்டை அடுக்கும் குடோன் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் புத்தகத்தில் அதன் மதிப்பு 1.5 கோடி. சந்தை விலையான 2 கோடிக்கே விற்று, அன்றே அதை 5 வருடக் குத்தகைக்குத் திரும்ப எடுக்கிறார்கள். வாடகை வருடத்துக்கு 21,10,000 ரூபாய், ஒவ்வொரு வருடக் கடைசியிலும் கட்ட வேண்டும். லாபம் 50 லட்சம் என்றுதான் முதலில் தோன்றும். குத்தகைக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இன்ட் ஏஎஸ் 116 அதை முழுதாக எழுத விடாது. (பழைய ஏஎஸ் 19-ஐப் பின்பற்றும் சிறிய நிறுவனங்களுக்கு விதி வேறு. அங்கே சாதாரண வாடகைக் குத்தகையாக இருந்து, சந்தை விலைக்கே விற்றிருந்தால் முழு லாபத்தையும் உடனே எழுதலாம்.)

முதலில், இது உண்மையான விற்பனைதானா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். குடோனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை நம் கையில் இருந்தால் பொதுவாக அது விற்பனை ஆகாது. வந்த 2 கோடியும் கடன், குடோனும் நம் புத்தகத்திலேயே இருக்கும்.

விற்பனைதான் என்றால், அடுத்து வாடகையின் இன்றைய மதிப்பு. நமக்குக் கடன் கிடைக்கும் வட்டி 10% என்றால் எக்செலில்:

```
=PV(10%,5,-2110000)
```

79,98,560 வரும். விளக்கத்துக்கு 80 லட்சம் என்று கொள்வோம். இதுதான் குத்தகைப் பொறுப்பு.

அப்புறம் விகிதம். 2 கோடியில் 80 லட்சம் என்றால் 40%. குடோனின் பயனில் இந்த 40% நம்மிடமே தங்கிவிட்டது, மீதி 60% மட்டுமே வாங்கியவருக்குப் போனது. நம்மிடமே இருப்பதை விற்று லாபம் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே லாபம் 50 லட்சத்தில் 60%, அதாவது 30 லட்சம். குத்தகைக் காலத்தில் குடோனைப் பயன்படுத்தும் உரிமையும் ஒரு சொத்துதான். இந்தப் பயன்பாட்டு உரிமைச் சொத்து, பழைய புத்தக மதிப்பான 1.5 கோடியில் 40%, அதாவது 60 லட்சம்.

பதிவு இப்படி (லட்சத்தில்):

```
வங்கி                       பற்று  200
பயன்பாட்டு உரிமைச் சொத்து    பற்று   60
    குடோன் (நிகரம்)          வரவு  150
    குத்தகைப் பொறுப்பு       வரவு   80
    விற்பனை லாபம்           வரவு   30
```

பலர் சறுக்குவது இரண்டாவது வரியில். சாதாரணக் குத்தகை போல நினைத்துச் சொத்தையும் 80 என்று போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் சமமாகவே வரும், ஆனால் லாபம் 50 ஆகிவிடும். முதல் நாளில் சொத்தும் பொறுப்பும் ஒரே தொகையாக இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

எழுதாமல் விட்ட 20 லட்சம் எங்கே போனது? தேய்மானத்தில் இருக்கிறது. சொத்து 80 ஆக இருந்திருந்தால் வருடம் 16 லட்சம் தேய்மானம். இப்போது 12 தான். வருடம் 4 லட்சம் மிச்சம், 5 வருடத்தில் அந்த 20 லட்சமும் வந்துவிடும்.

முதல் வருடக் கடைசியில் வட்டிச் செலவு 8 லட்சம். கட்டிய 21.10 லட்சத்தில் அது போக 13.10 லட்சம் பொறுப்பைக் குறைக்கும், மீதி 66.90. புத்தகத்தில் மட்டும் 80 லட்சத்துக்குப் பதில் 79,98,560 என்றே எழுதுங்கள். அப்போதுதான் ஐந்தாவது வாடகை கட்டியதும் பொறுப்பு பூஜ்யத்துக்கு வரும்.