மஞ்சள் உறையில் வரும் கடிதம்: கெடுவைத் தமிழில் எழுதி வாங்குவது எப்படி?

ஜெர்மனிக்கு வந்த முதல் வருடத்தில் தபால்பெட்டியில் விழும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரு வாரம் காத்திருக்கும். மஞ்சள் உறையில் வருவது காத்திருக்காது. அது நீதிமன்றமோ அரசு அலுவலகமோ முறைப்படி கையளிக்கும் கடிதம். அதைப் பெட்டியில் போடும் தபால்காரர் உறையின் மேல் அன்றைய தேதியை எழுதிவிட்டுப் போவார். உங்களுக்கான நாள்கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

மஞ்சள் உறையில் பல விதமான கடிதங்கள் வரும். நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது மான்பெஷைட் என்ற ஒன்றில். யாரோ ஒருவர் “இவர் எனக்குப் பணம் தரவேண்டும்” என்று நீதிமன்றத்தில் படிவம் போட்டால், நீதிமன்றம் அனுப்பும் கட்டளைக் கடிதம் அது. அந்தப் பணம் உண்மையிலேயே பாக்கியா என்று நீதிமன்றம் விசாரித்துப் பார்ப்பதில்லை. விசாரிக்கவில்லை என்று கடிதத்திலேயே அச்சடித்திருக்கும். ஆனால் ஜெர்மன் தெரியாதவருக்கு நீதிமன்றத்தின் பெயரும் யூரோ கணக்கும் மட்டுமே கண்ணில் படும். தீர்ப்பே வந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள்.

டோர்ட்முண்டில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு அப்படித்தான் ஆனது. வவுனியாவிலிருந்து கல்யாணமாகி வந்து எட்டு மாதம். இணையத்தில் வாங்கிய ஒரு பொருளைத் திருப்பி அனுப்பியிருந்தார், அனுப்பிய ரசீதும் கையில் இருந்தது. விற்றவர்கள் திரும்பி வந்ததைக் கணக்கில் எடுக்காமல் மான்பெஷைட் போட்டுவிட்டார்கள். வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 600 யூரோவுக்கு மேல். உறவுக்காரப் பையன் ஒருவன், பதினான்கு வயது, கடிதத்தைப் படித்துவிட்டு “ரெண்டு கிழமைக்குள்ள காசு கட்டவேணுமாம்” என்று சொல்லியிருக்கிறான். கடிதத்தின் மேலே 30 செப்டம்பர் 2025 என்று இருந்தது. அவர் என்னிடம் வந்தது 15 அக்டோபர் புதன்கிழமை. “அண்ணை, நேற்றோடை நாள் முடிஞ்சுது. ஆரிட்டயாவது கடன் கேக்கப்போறன்” என்றார்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. பாதி வாக்கியத்தைத்தான் சொன்னான். அந்தக் கடிதத்தின் முக்கியமான வாக்கியம் மிக நீளமானது. அதைப் பிரித்துத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்தக் கடிதம் உங்களுக்குக் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், இந்தக் கோரிக்கை சரி என்று நீங்கள் நினைத்தால் பணத்தைக் கட்டுங்கள், இல்லாவிட்டால், முழுவதையும் மறுக்கிறீர்களா ஒரு பகுதியை மறுக்கிறீர்களா என்று கூடவே வைத்திருக்கும் படிவத்தில் எங்களுக்கு எழுதுங்கள். ஒரே கெடுவுக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. அவசரமாகப் படிப்பவர் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்.

அடுத்த தவறு தேதியில். கடிதத்தின் மேலே அச்சடித்திருப்பது நீதிமன்றம் அதைத் தயாரித்த நாள். கணக்குக்கு அது உதவாது. நீங்கள் உறையைப் பிரித்த நாளும் உதவாது. “உறை எங்கே?” என்று கேட்டேன். நல்ல வேளையாகப் பழைய காகிதப் பெட்டியில் கிடந்தது. தபால்காரர் கையால் எழுதிய தேதி 4 அக்டோபர், சனிக்கிழமை.

எண்ணும் முறை எளிது. கையளித்த நாளைச் சேர்க்கக் கூடாது. இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம் கழித்து அதே கிழமையில் நள்ளிரவோடு முடியும். 4 அக்டோபர் சனி என்றால் 18 அக்டோபர் சனி. ஆனால் கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குப் போகும். ஆகவே அவருடைய கடைசி நாள் 20 அக்டோபர் திங்கள். முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவருக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

உறையைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். வந்தவுடன் உறையையும் கடிதத்தையும் சேர்த்துப் பின் அடித்து, இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

சரி, இனி உதவி கேட்கும் விதம். உதவுபவரிடம் “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டால் அவர் தன் மனதில் பட்டதைச் சொல்வார். “காசு விஷயம்தான், பயப்படாதே” என்பார், அல்லது “கட்டிவிடு, பிரச்சினை வேண்டாம்” என்பார். இரண்டும் அவருடைய அபிப்பிராயம். முழு மொழிபெயர்ப்பும் தேவையில்லை. நான்கு பக்கத்தை வரிவரியாகத் தமிழில் கேட்டால் கெடு எங்கேயோ நடுவில் மறைந்துவிடும். சில கேள்விகளுக்கு மட்டும் பதிலை ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தங்கச்சிக்கு நான் எழுதிக் கொடுத்த தாள் இதுதான்:

அனுப்பியவர்: ஹாகன் நீதிமன்றம். பணம் கேட்பவர்: பொருள் விற்ற கடை.
என்ன கடிதம்: மான்பெஷைட். தீர்ப்பு அல்ல.
கையளித்த நாள்: 4 அக்டோபர் 2025 (உறையில் உள்ளது).
கடைசி நாள்: 20 அக்டோபர் 2025, திங்கள். அன்றைக்குள் நீதிமன்றத்தில் போய்ச் சேரவேண்டும்.
என்ன செய்யலாம்: கட்டலாம், அல்லது முழுவதையும் மறுக்கலாம், அல்லது ஒரு பகுதியை மறுக்கலாம்.
எப்படி: படிவத்தில் கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, தபாலில் அல்லது நேரில். மின்னஞ்சல் செல்லாது.
சும்மா இருந்தால்: அடுத்து வசூல் கட்டளையான ஃபோல்ஷ்ட்ரெக்குங்ஸ்பெஷைட் வரும். அதை வைத்துச் சம்பளத்திலோ வங்கிக் கணக்கிலோ கைவைக்கலாம்.

எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் கடிதத்தில் அது எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிகள் சில கடிதத்தோடு வரும் விளக்கக் குறிப்பில் இருக்கும், அதையும் காட்டட்டும். காட்ட முடியாத வரி ஊகம். இப்படிக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கவேண்டாம்; உங்கள் வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம் இது. பிள்ளைகளை இந்த வேலையில் விடாதீர்கள் என்பதையும் மனதாரச் சொல்கிறேன். பேச்சு ஜெர்மன் எவ்வளவு சரளமாக இருந்தாலும் சட்டக் கடிதத்தின் மொழி வேறு. தவறாகப் படித்துவிட்டால் அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கக் கூடாது.

மறுப்பைப் பற்றி இரண்டு விஷயம். இதற்கு வீடர்ஷ்ப்ருஹ் என்று பெயர். காரணம் எழுதவேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. கடையிலிருந்து வந்த கடிதங்கள், ரசீது எதையும் அப்போது சேர்க்கவேண்டாம். அவை பின்னால் வழக்கு என்று வந்தால் தேவைப்படும், பத்திரமாக வையுங்கள். படிவம் தொலைந்துபோயிருந்தால் வெள்ளைத் தாளில் வழக்கு எண்ணை எழுதி, இந்தக் கோரிக்கையை முழுவதும் மறுக்கிறேன் என்று ஜெர்மனில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் போதும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதாதீர்கள். இங்கே நீதிமன்றத்தின் மொழி ஜெர்மன்தான்.

ஆனால் பணம் உண்மையிலேயே பாக்கி என்றால் மறுக்காதீர்கள். மறுத்தால் விஷயம் வழக்காகப் போகலாம், தோற்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில் ஏறும். பாதி சரி, பாதி தவறு என்றால் தவறான தொகையை மட்டும் மறுக்கலாம். எது எவ்வளவு என்று புரியாவிட்டால் அங்கேதான் ஆலோசனை தேவை. காரிதாஸ், டியாகோனி போன்ற அமைப்புகள் புதிதாக வந்தவர்களுக்கென்று இலவச ஆலோசனை நடத்துகின்றன. வருமானம் குறைவென்றால், அம்ட்ஸ்கெரிஹ்ட் எனப்படும் உங்கள் ஊர் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சான்று கேட்கலாம். அது கிடைத்தால் வழக்கறிஞர் உங்களிடம் 15 யூரோவுக்கு மேல் கேட்க முடியாது. அங்கெல்லாம் போகும்போது அந்தத் தமிழ்த் தாளையும் உறையையும் கொண்டுபோங்கள். முதலில் அவர்கள் கேட்கப்போவது கையளித்த தேதியைத்தான்.

அந்தத் தங்கச்சியும் நானும் படிவத்தைப் புதன்கிழமையே நிரப்பினோம். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த நாள் ரயிலேறி ஹாகனுக்குப் போய் நீதிமன்றத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். தபாலில் அனுப்புவதென்றால் பதிவுத்தபாலில், மூன்று நான்கு நாள் முன்பே அனுப்பவேண்டும். நீங்கள் அனுப்பிய நாளை அவர்கள் பார்க்கமாட்டார்கள், போய்ச் சேர்ந்த நாளைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டு வாரம் தாண்டிப்போனால்? உடனே கைவிடாதீர்கள். அடுத்த கட்டளை பிறப்பிக்கப்படாதவரை மறுப்பை ஏற்பார்கள், ஆகவே அன்றைக்கே அனுப்புங்கள். ஃபோல்ஷ்ட்ரெக்குங்ஸ்பெஷைட் வந்துவிட்டால், அதுவும் கையளித்த நாளிலிருந்து இன்னொரு இரண்டு வாரம் தரும். அப்போது செய்யும் மறுப்புக்கு ஐன்ஷ்ப்ருஹ் என்று பெயர். அந்தக் கெடு மிகக் கறாரானது. அதுவும் போய்விட்டால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு பணம் கேட்பவர் 30 வருடம்வரை வசூலிக்க வரலாம். மொழி புரியவில்லை என்று மட்டும் சொல்லிக் கெடுவைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். புரியாத கடிதத்தை உடனே யாரிடமாவது காட்டியிருக்கவேண்டும் என்றுதான் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள்.

வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பெட்டியில் போட்டால் கையளித்ததாகவே கணக்கு. பெட்டியில் போட முடியாவிட்டால் ஒரு சீட்டை விட்டுவிட்டு, கடிதத்தைத் தபால் நிலையத்தில் வைப்பார்கள். அப்போதும் சீட்டு வைத்த நாள்தான் கணக்கு, நீங்கள் போய் எடுத்த நாள் அல்ல. ஊருக்கு ஆறு வாரம் போகிறீர்கள் என்றால் பெட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் உறை வந்தால் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு குழப்பம். இன்காஸோ என்ற பெயரில் வசூல் நிறுவனங்களும் மிரட்டும் தொனியில் கடிதம் எழுதும். அவை சாதாரண உறையில் வரும், நீதிமன்றக் கடிதம் அல்ல. அதில் போடும் தேதி அவர்கள் வைத்த தேதி. பதில் எழுதுவது நல்லது, ஆனால் அந்தத் தேதி தாண்டியதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது.

அரசு அலுவலக முடிவுகள், உதாரணமாக ஜொப்சென்டர் முடிவு, பெரும்பாலும் சாதாரணத் தபாலில்தான் வரும். அவற்றை எதிர்க்க வழக்கமாக ஒரு மாதம். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியில் அது எழுதியிருக்கும். உறையில் தேதி இல்லாததால் இங்கே கணக்கு வேறு: 2025 தொடக்கத்திலிருந்து, தபாலில் போட்ட நாளுக்குப் பிறகு நான்காம் நாள் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். 3 நவம்பர் 2025 அன்று போட்டால் 7 நவம்பர் கிடைத்த நாள். ஒரு மாதம் 7 டிசம்பரில் முடியும், அது ஞாயிறு, ஆகவே 8 டிசம்பர் திங்கள். உதவுபவர் தாளில் எழுதும்போது இந்தக் கணக்கை ஒவ்வொரு படியாக எழுதச் சொல்லுங்கள். அப்போது இன்னொருவர் அதைச் சரிபார்க்க முடியும்.

அந்தக் கடை வழக்கைத் தொடரவில்லை. தங்கச்சி இப்போது தபால்பெட்டியைத் தினமும் தானே திறக்கிறார். உறையில் எழுதிய தேதியை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் எனக்குப் படம் அனுப்புகிறார்.