டிராக்டர் வாடகை விளம்பரம்: விதைப்புக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாகான் செராய் வட்டாரத்தில் ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்களும் மறுபக்கம் கிரியான் நெல்வயல்களும் இருப்பதால், தோட்டத்தில் பழக்குலை இழுக்கும் டிராக்டரையே விதைப்புக் காலத்தில் வயலுக்கு வாடகைக்கு விடுவது உரிமையாளர்களுக்கு இயல்பாக அமையும் தொழில். அதற்காக அவர்கள் எழுதும் விளம்பரம் ஐந்தாறு வரிகளுக்கு மேல் போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பவும் ஒட்டுக்கடைச் சுவரில் ஒட்டவும் அந்த அளவே போதும். ஆனால், இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அதைப் படித்து முடித்த பிறகும், தன் வயலுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், இயந்திரம் எந்த நாளில் வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காமல் நிற்கிறார் என்றால், அந்த ஐந்து வரிகளும் வீண்தான்.

பெரும்பாலும் விளம்பரம் இந்த மாதிரிதான் இருக்கிறது:

“விவசாயப் பெருமக்களே! சக்தி வாய்ந்த 90 குதிரைத்திறன் டிராக்டர் வாடகைக்கு! மணிக்கு 90 வெள்ளி முதல்! எல்லா வகை நிலத்திற்கும் ஏற்றது! உடனடிச் சேவை! இன்றே அழையுங்கள்!”

இதில் உள்ள பெரிய தவறு விலையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னால், தன் நிலத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பது விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது, உரிமையாளருக்குத்தான் தெரியும். 1.8 மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டரைப் பூட்டிக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 5,400 சதுர மீட்டர் உழப்பட வேண்டும். திரும்புவதற்கும், ஓட்டிய தடத்தின் மேல் சற்றுப் படிய ஓட்டுவதற்கும் கால் பங்கு நேரம் கழிந்தால், ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர், அதாவது ஓர் ஏக்கர் மிஞ்சும். இது விரிந்த வயலின் கணக்கு. நிலம் மூன்று துண்டுகளாக, வரப்புகளால் பிரிக்கப்பட்டு, மூலைகள் கோணலாக இருந்தால், கழிவு 40 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். அப்போது ஒரு மணி நேரத்தில் 0.8 ஏக்கர்தான் முடியும்.

இந்தக் கணக்கை இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம் (இங்கே சொல்லும் கட்டணங்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே). விளம்பரத்தைப் பார்த்தவுடன் அவர் மனத்தில் இரண்டரை மணி நேரம், 225 வெள்ளி என்று ஒரு தொகை பதிந்துவிடுகிறது. வயல் துண்டு துண்டாக இருப்பதால் வேலை மூன்று மணி நேரத்தைத் தாண்டி, கூலி 280 வெள்ளி ஆகிறது. டிராக்டரை லோரியில் ஏற்றி இறக்கிய செலவு 80 வெள்ளி என்று வேலை முடிந்த பிறகு சொல்லப்படும்போது, மொத்தம் 360 வெள்ளியாகிவிடுகிறது. டீசல் யார் பொறுப்பு, மணிக்கணக்கு டிராக்டர் கொட்டகையை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்தா, வயலில் இறங்கிய நேரத்திலிருந்தா என்ற வாக்குவாதங்கள் இதற்கு மேல். உரிமையாளர் ஏமாற்றவில்லை, அவர் கேட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் காரணம் இருக்கிறது. ஆனாலும் 225 வெள்ளி என்று நம்பியவர் 360 வெள்ளி கொடுத்த செய்தி மாலைக்குள் கம்பம் முழுவதும் பரவிவிடும். அதே வேலையை, “ஓர் உழவுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 120 வெள்ளி, டீசல், ஓட்டுநர், போக்குவரத்து எல்லாம் இதில் அடக்கம்” என்று எழுதியிருந்தால், அவர் 300 வெள்ளியை எடுத்து வைத்துக்கொண்டு மனநிறைவோடு காத்திருந்திருப்பார்.

ஏக்கர் கணக்கில் விலை சொல்வது உரிமையாளருக்கு இழப்பாகும் இடமும் உண்டு. அரை ஏக்கர் துண்டுக்கு லோரியில் டிராக்டரைக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. ஆகவே குறைந்த அளவு எவ்வளவு என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். “முதல்” என்ற சொல்லைப் போட்டு அதற்குப் பின்னால் இதை மறைப்பதை நான் ஏற்க மாட்டேன். விளம்பரம் நிபோங் திபால் பக்கமும் போகுமானால் இன்னொரு கவனமும் தேவை. பினாங்கிலும் கெடாவிலும் விவசாயிகள் ரெலோங் கணக்கில் பேசுகிறார்கள். ஒரு ரெலோங் என்பது ஏக்கரில் ஏறத்தாழ 0.71 பங்கு. ஏக்கருக்கு 120 வெள்ளி என்றால் ரெலோங்குக்கு 85 வெள்ளி வரும். இரண்டையும் எழுதிவிட்டால் யாரும் தவறாகப் பெருக்கிக்கொள்ள மாட்டார்கள்.

எந்த உழவு என்று சொல்லாமல் விடுவதும் விலையோடு சேர்ந்த தவறுதான். நெல்வயலில் ஒரே ஓட்டத்தோடு வேலை முடிவதில்லை. அறுவடை முடிந்த தாளை மடக்கிப் போடும் முதல் உழவு, தண்ணீர் கட்டித் தாளை மக்கவிட்டு, கீழே உதிர்ந்து கிடக்கும் களை நெல்லை முளைக்கவும் விட்டு, அதை அழிக்கும் சேற்றுழவு, பிறகு நிலத்தைச் சமன்படுத்தும் பரம்படிப்பு என்று படிப்படியாக நடக்கும். இவற்றுக்கு இடையில் நாள் இடைவெளி விட்டாக வேண்டும். ஒரே நாளில் அடுத்தடுத்து ஓட்டினால் களை நெல் முளைக்க நேரமில்லாமல் மண்ணுக்குள் தங்கி, விதைத்த நெல்லோடு சேர்ந்து எழுந்து வரும். ஏக்கருக்கு 120 வெள்ளி என்று மட்டும் இருந்தால், ஒருவர் அதை மூன்று வேலைக்கும் சேர்த்த கூலியாகவும், இன்னொருவர் ஓர் ஓட்டத்துக்கான கூலியாகவும் எடுத்துக்கொள்வார். “ஓர் உழவுக்கு” என்ற இரண்டு சொற்கள் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்து “உடனடிச் சேவை”. விதைப்புக் காலத்தில் எழுதவே கூடாத சொல் இது. கிரியான் வயல்களுக்கு புக்கிட் மேரா ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது. ஒரு பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அங்கே உள்ள எல்லாருக்கும் டிராக்டர் ஒரே வாரத்தில் தேவைப்படும். மணிக்கு ஏக்கர் என்ற கணக்கில் ஒரு டிராக்டர் ஒரு நாளில் ஏழெட்டு ஏக்கர் ஓட்டலாம். ஆளுக்கு இரண்டரை ஏக்கர் வீதம் இருபது பேர் பெயர் கொடுத்தால், ஓர் உழவை முடிக்கவே ஒரு வாரம் வேண்டும், அதுவும் மழை குறுக்கிடாமலும் இயந்திரம் பழுதாகாமலும் இருந்தால். இருபதாவது ஆளிடமும் “உடனடி” என்று சொல்லியிருந்தால் அவரிடம் சொன்னது பொய்.

நாள் தவறுவதால் விவசாயிக்கு ஏற்படும் இழப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். நேரடி விதைப்புக்கு நெல்லைச் சுமார் 24 மணி நேரம் ஊறவைத்து, பிறகு தண்ணீரை வடித்து, சாக்கோடு மூடி ஏறத்தாழ இன்னொரு 24 மணி நேரம் வைக்கிறார்கள். நெல்லின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும்போது வயலில் தூவிவிட வேண்டும். டிராக்டர் வரும் நாளை நம்பி நெல்லை ஊறப்போட்டவருக்கு, பரம்படிப்பு இரண்டு நாள் தள்ளிப்போனால், சாக்குக்குள் முளையும் வேரும் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிரித்துத் தூவும்போது முளை ஒடியும். சாக்கின் நடுவில் சூடேறி விதை அவிந்தும் போகலாம். ஒரு பருவத்துக்கு வாங்கிய விதையே போய்விட்டால், அடுத்த பருவத்தில் அவர் வேறு டிராக்டரைத்தான் தேடுவார். அதனால் விளம்பரத்தில் இருக்க வேண்டியது வேகத்தைப் பற்றிய வாக்குறுதியல்ல. பெயர் பதிந்த வரிசைப்படி நாள் கொடுக்கப்படும் என்ற செய்தியும், விதையை ஊறப்போடுவதற்கு முன் நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள் என்ற வரியும்தான். இந்த ஒரு வரி, எழுதியவர் நெல் வேலை தெரிந்தவர் என்பதை எந்தப் புகழுரையையும்விட நன்றாகக் காட்டிவிடும்.

“எல்லா வகை நிலத்திற்கும் ஏற்றது” என்பதும் ஆபத்தான சொல். தோட்டத்துப் பாதையில் நன்றாக ஓடும் டிராக்டர் வெறும் ரப்பர்ச் சக்கரத்தோடு சேற்றில் இறங்கினால் வழுக்கி நிற்கும். கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பொருத்தினால்தான் பிடிப்பு கிடைக்கும். அதைப் பொருத்தினாலும், அடியில் கெட்டி மண் இல்லாத புதைசேற்றில் இரண்டு மூன்று டன் எடையுள்ள இயந்திரம் அச்சு வரை அமிழ்ந்துவிடும். மீட்க இன்னொரு இயந்திரம் வர வேண்டும், அந்தப் பள்ளமும் வயலில் நெடுநாள் இருக்கும். குதிரைத்திறன் கூடினால் பெரும்பாலும் எடையும் கூடுகிறது என்பதால், 90 என்ற எண்ணைப் பெருமையாகப் போடுவது, மென்மையான வயல் உள்ளவரை அச்சுறுத்தத்தான் செய்யும். பழக்குலை ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் நிற்கும் படத்தை விளம்பரத்தில் போடுவதும் அதே மாதிரிதான்: இது வயலுக்கு வந்து பழகிய இயந்திரம் இல்லை என்று படம் சொல்லிவிடுகிறது. கூண்டுச் சக்கரத்தோடும் ரோட்டவேட்டரோடும் வயலில் நிற்கும் ஒரு படம் போதும். புதைசேறு இருந்தால் முன்கூட்டியே சொல்லும்படி கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இவற்றையெல்லாம் சரிசெய்து அதே விளம்பரத்தை எழுதினால் இவ்வாறு வரும்:

“நெல்வயல் உழவு – பாகான் செராய், நிபோங் திபால் வட்டாரம். ரோட்டவேட்டர், கேஜ் வீல் பொருத்திய டிராக்டர், ஓட்டுநருடன். ஓர் உழவுக்கு: ஏக்கருக்கு 120 வெள்ளி (ரெலோங்குக்கு 85 வெள்ளி). டீசலும் போக்குவரத்தும் இதில் அடக்கம். குறைந்தது 2 ஏக்கர். சிறிய நிலமானால் பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து பதியலாம். பதிந்த வரிசைப்படி நாள் தரப்படும். மழையால் தள்ளிப்போனால் முந்தைய நாளே தெரிவிப்போம். விதையை ஊறப்போடும் முன் எங்களிடம் நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள். புதைசேறு, குறுகிய பாலம் இருந்தால் பதியும்போதே சொல்லுங்கள். வாட்ஸ்அப்: (எண்)”

பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து பதியலாம் என்ற வரி சிறு விவசாயிக்காகவே சேர்க்கப்பட்டது. முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர், “குறைந்தது 2 ஏக்கர்” என்பதைப் பார்த்ததும் விலகிவிடக்கூடாது. மூன்று பேர் சேர்ந்தால் அளவு நிறைந்துவிடும்; உரிமையாளருக்கும் ஒரே லோரிச் செலவில் மூன்று வயல் முடியும்.

வெளியிடும் நேரத்தைப் பொறுத்தவரை, தண்ணீர் திறந்த பிறகு விளம்பரம் செய்வது தாமதம். முந்தைய பருவத்து அறுவடை நடந்துகொண்டிருக்கும்போதே அனுப்பினால், முதல் உழவிலிருந்தே வாடிக்கையாளர் கிடைப்பார். சாலையோரத்தில் பதாகை கட்டுவதாக இருந்தால் மாவட்ட மன்றத்தின் அனுமதி பெற வேண்டும், அதில் தேசிய மொழியும் இடம்பெற வேண்டும். வட்டாரத்து விவசாயிகளில் மலாய்க்காரர்கள் மிகுதி என்பதால் வாட்ஸ்அப் விளம்பரத்துக்கும் ஒரு மலாய்ப் பிரதி வைத்திருப்பது நல்லது. நாட்கள் நிறைந்துவிட்டால், “இந்தத் தண்ணீர் முறைக்குப் பதிவு முடிந்தது” என்று அதே குழுக்களில் அறிவித்துவிட வேண்டும். பழைய விளம்பரம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தால், இடமில்லாத வரிசையை நம்பி யாராவது நெல்லை ஊறப்போட்டுவிடுவார்.